까지 என்று இருந்தால் அது தயாரிப்புத் தேதி அல்ல: கொரிய சீரம் வாங்குகிறவர்களுக்கு எச்சரிக்கை

ஆன்லைனில் கொரிய சீரம், டோனர் வாங்குகிறவர்கள் ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். காலாவதியான தேதியைத் தயாரிப்புத் தேதி என்று சொல்லியும், விற்கவே கூடாத இலவச மாதிரிகளைக் காசுக்கு விற்றும் ஒருவரை ஏமாற்றியிருக்கிறார்கள். இரண்டையும் காட்டிக்கொடுக்கும் சொற்கள் அந்தப் புட்டியிலேயே அச்சாகி இருந்தன. வாங்கியவருக்குக் கொரிய எழுத்து தெரியாது, அவ்வளவுதான்.

விளம்பரத்தில் இருந்தது: கொரிய சென்டெல்லா சீரம், 90 சதவீதம், 100 மி.லி., விலை 1,150 ரூபாய். படத்தில் ஒரே பெரிய பாட்டில். 2025 ஜூனில் பார்சலைப் பிரித்தால் 20 மி.லி. புட்டி ஐந்து, அட்டைப்பெட்டி இல்லாமல், பபிள் கவரில் சுற்றி வந்திருந்தன. கேட்டதற்கு, “அஞ்சு இருபது நூறுதானே மேடம், டிராவல் பேக்” என்று பதில் வந்தது. புட்டியின் அடியில் `2025.02.11 까지` என்று இருந்தது. நான்கு மாதம் தாண்டிவிட்டதே என்று கேட்டபோது, “அது மேனுஃபேக்சரிங் டேட் மேடம். கொரியன் ஐட்டம் எல்லாம் தயாரிச்சதிலிருந்து மூணு வருஷம் வரும்” என்றார்கள். அவரும் நம்பிப் பூசினார். நான்காம் நாள் கன்னம் எரிய ஆரம்பித்தது. தெளிவாக இருக்க வேண்டிய திரவம் மங்கலான மஞ்சளாக இருந்ததையும், மூடியைத் திறந்தால் லேசாகப் புளித்த வாடை வந்ததையும் அதற்குப் பிறகுதான் கவனித்தார்.

அந்தப் பதில் எடுபட்டதற்குக் காரணம், அதில் பாதி உண்மை. திறக்காத கொரிய சீரங்களுக்கு, தயாரித்த நாளிலிருந்து இரண்டு அல்லது மூன்று ஆண்டு கெடு கொடுப்பது வழக்கம்தான். ஆனால் 까지 என்றால் ‘வரை’. உச்சரிப்பு ஏறக்குறைய ‘காஜி’. 2025 பிப்ரவரி 11 வரை பயன்படுத்தலாம் என்பதுதான் அந்த வரியின் பொருள். தயாரித்த தேதியாக இருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் 제조, அதாவது ‘ஜேஜோ’, என்று இருக்கும்.

கொரிய எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் இந்த இரண்டையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். 까지 என்பதன் முதல் கட்டத்தில் இரண்டு 7 அடுத்தடுத்து நிற்பதுபோல இருக்கும். இரட்டை 7 தெரிந்தால் ‘வரை’. 제조 என்பதில் இரண்டு கட்டமும் ஒரே எழுத்தில் தொடங்கும். தலையில் பலகை வைத்துக்கொண்டு காலை அகட்டி நிற்கும் ஆள் மாதிரி ஒரு எழுத்து. அது இரண்டு கட்டத்திலும் இருந்தால் ‘தயாரிப்பு’. தேதி பொதுவாக ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வரும். 2025.02.11 என்பதில் கடைசி எண்ணை மாதம் என்று நினைத்து நவம்பர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதே குழப்பம் எதிர்ப்பக்கமும் நடக்கிறது. 제조 என்று போட்ட நல்ல பொருளைத் தேதி முடிந்துவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களும் உண்டு.

பெட்டியின் பின்பக்கத்தில் 사용기한 என்ற சொல்லைத் தேடுங்கள். ‘பயன்படுத்தும் கெடு’ என்று பொருள். அதற்கு எதிரில் தேதி இல்லாமல் 별도표기 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், ‘தனியே குறிக்கப்பட்டுள்ளது’ என்றுதான் அர்த்தம். தேதி பாட்டிலின் அடியிலோ, டியூபின் மடிப்பு ஓரத்திலோ, பெட்டியின் மூடியிலோ இருக்கும். இங்கேதான் இன்னொரு வேலையும் நடக்கிறது. நாம் தேதியைத் தேடும் அதே இடத்தில், சரியாக அதன்மேல், விற்பவர் ஒட்டிய ஸ்டிக்கர் உட்கார்ந்திருக்கும். ஸ்டிக்கரில் ஒரு தேதி, அடியில் வேறு தேதி. ஹேர் டிரையரை அரை நிமிடம் காட்டினால் பசை இளகும், அச்சு கெடாமல் உரித்துப் பார்க்கலாம். ஒட்டியதற்கும் அடியில் இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால், அடியில் இருப்பதை நம்புங்கள். தேதியையே சுரண்டி எடுத்திருந்தால் பொருளைத் தொடவே வேண்டாம்.

இனி அந்த ஐந்து புட்டிகள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும், மற்ற எழுத்துகளைவிடச் சின்னதாக 비매품 என்று இருந்தது. ‘பிமேபூம்’: விற்பனைக்கு அல்ல. 증정용 என்று இருந்தால் ‘அன்பளிப்புக்கு’, 견본품 என்று இருந்தால் ‘மாதிரி’. பெரிய பாட்டில் வாங்குகிறவர்களுக்குக் கடையில் சும்மா கொடுப்பதற்காகத் தயாரித்தவை இவை. கொரியாவின் அழகுசாதனப் பொருள் சட்டப்படி, இப்படி மக்கள் முயன்று பார்ப்பதற்காகத் தயாரித்த மாதிரியைக் காசுக்கு விற்பதே தடை. அங்கே விற்க முடியாதது மூட்டையாகச் சேர்ந்து இங்கே ‘டிராவல் பேக்’ ஆகிவிடுகிறது.

சும்மா கிடைத்த பொருள்தானே, உள்ளே இருப்பது அதேதானே என்று சிலர் கேட்கிறார்கள். முதலில், இந்த மாதிரிப் புட்டிகள் எத்தனை கிடங்கில், எந்த வெயிலில் கிடந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது, மாதிரிகளில் முழு உட்பொருள் பட்டியல் போட வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலும் பெயர், விற்கும் நிறுவனம், 제조번호 என்ற பேட்ச் எண், கெடு இவ்வளவுதான் இருக்கும். உங்களுக்கு ஒவ்வாத ஏதோ ஒன்று அதில் இருந்தால், பூசிய பிறகுதான் தெரியும். ‘காம்போ’, ‘மினி’, ‘டிராவல்’ என்று விற்கும் எதை வாங்கினாலும் முதலில் 비매품 தேடுங்கள்.

முழு அளவுப் பாட்டிலில் 전성분 என்ற சொல்லுக்குப் பிறகு பட்டியல் முழுதாக இருக்கும். ‘எல்லா உட்பொருளும்’ என்று அர்த்தம். கொரியாவில் இது 2008 முதல் கட்டாயம். அளவில் அதிகமானது முதலில் வரும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போடலாம். இந்த விதிவிலக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பட்டியலைப் படிக்க வேண்டும். 카보머, 잔탄검 இரண்டும் திரவத்தைக் கெட்டியாக்குபவை, கார்போமரும் சாந்தன் கோந்தும். சாதாரணமாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே சேர்ப்பார்கள். பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் புகழும் பொருள் இவற்றுக்குப் பின்னால் வந்தால், அது உள்ளே துளியளவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அந்த 90 சதவீதம் என்ன? விளம்பரம் சொன்ன சென்டெல்லா வேறு எதுவும் இல்லை, நம் சந்தையில் கட்டுக்கட்டாக வாங்கித் துவையல் அரைக்கும் வல்லாரைதான். கொரிய மொழியில் 병풀. பட்டியலில் 병풀추출물 என்று வரும். கடைசி மூன்று கட்டங்களான 추출물 என்பதற்குச் ‘சாறு’, அதாவது கரைப்பானில் ஊறவைத்து எடுத்தது என்று பொருள். அந்தக் கரைப்பான் பெரும்பாலும் தண்ணீர். சாதாரண சீரத்தில் பட்டியல் 정제수 என்று, அதாவது சுத்திகரித்த நீர் என்று தொடங்கும். இதில் அந்த இடத்தில் சாறு நிற்கிறது. தேயிலை போட்டுக் கொதிக்க வைத்த நீர் முழுவதையும் எடை போட்டு, ‘90 சதவீதம் தேயிலை’ என்று சொல்வதைப் போன்றது இது. பொய் இல்லை. ஆனால் இலை எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியது வேறு எண். வல்லாரையில் சருமத்துக்காகத் தேடும் சேர்மங்களில் ஒன்று மேடகாசோசைடு, கொரியப் பெட்டியில் 마데카소사이드. சில பெட்டிகளில் இதன் அளவைப் பிபிஎம் கணக்கில் போடுவார்கள், ஏனென்றால் எண் பெரிதாகத் தெரியும். 10,000 பிபிஎம் சேர்ந்தால்தான் ஒரு சதவீதம். 200 பிபிஎம் என்று இருந்தால் 0.02 சதவீதம்; 20 கிராம் புட்டி ஒன்றில் 4 மில்லிகிராம். இதைத் தெரிந்துகொண்டு, அந்த விலைக்குத் தகுமா என்று முடிவு செய்யுங்கள். 1,00,000 பிபிஎம் என்று பார்த்ததும் மலைக்காமல் நான்கு சுழியத்தை வெட்டுங்கள்: 10 சதவீதம். அதுவும் சேர்மமா, சாறா என்று பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். 추출물 இருந்தால் மறுபடியும் தேநீர்க் கணக்குதான்.

முகப்பில் புகழ்ச்சி வாசகத்தின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், பெட்டியின் கீழ்ப்பகுதியில் 원료적 특성에 한함 என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். ‘மூலப்பொருளின் தன்மைக்கு மட்டுமே பொருந்தும்’ என்பது இதன் பொருள். மேலே சொன்ன பலன் அந்தப் பொருளுக்குத்தான், இந்த பாட்டிலுக்கு அல்ல என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருக்கிறார். விற்பவர்கள் நட்சத்திரத்துக்கு மேலே உள்ளதை மட்டும் மொழிபெயர்த்துப் போடுகிறார்கள்.

பொருளின் பெயரிலும் ஒன்றிரண்டு இடத்தில் சறுக்கும். 스킨 என்பதை ‘ஸ்கின்’ என்று படிக்கலாம், ஆனால் பாட்டிலில் அது இருந்தால் உள்ளே டோனர். 로션 லோஷன்தான், கைகாலுக்குப் பூசுவது அல்ல, முகத்துக்கான மெல்லிய பால் போன்ற கிரீம். டியூபில் 클렌징폼 என்று இருந்தால் அது முகம் கழுவும் நுரை. ‘கொரிய கிரீம்’ என்று விற்றதைப் பூசி அப்படியே படுத்துவிட்டால் முகம் வறண்டு எரியும்.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: தேதி அச்சான இடம் ஸ்டிக்கர் இல்லாமல், பின்பக்கம் முழுதாக, பெட்டியின் பேட்ச் எண்ணும் பாட்டிலின் பேட்ச் எண்ணும் ஒரே படத்தில். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் பழைய பாட்டிலைப் புதுப் பெட்டியில் போட்டிருக்கலாம். முறையாக இந்தியாவுக்குள் இறக்குமதியான பொருளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் மூன்றும் இருக்கும். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் அதைக் கேட்கின்றன. “ஒரிஜினல் கொரியாவிலிருந்து நேரா வருது, அதனால ஸ்டிக்கர் இல்ல” என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டிருந்தால், மேலும் திறக்காதீர்கள். 까지 தெரியும்படி தேதியையும், 비매품 தெரியும்படி பக்கவாட்டையும் நெருக்கத்தில் படம் எடுத்து, இரண்டு சொல்லின் பொருளையும் எழுதி, ‘தேதி முடிந்த பொருள், விற்பனைக்கு அல்லாத மாதிரி’ என்றே புகாரில் போடுங்கள். ‘எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதினால் சருமத்தைக் காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள். தளத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்பவரோடு நடந்த அரட்டையை அழித்துவிடாதீர்கள். இந்த விஷயத்தில் ‘அது மேனுஃபேக்சரிங் டேட்’ என்று அவர்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் வாங்கியவர் கையில் இருக்கும் பெரிய சாட்சி.