பகலில் பிங்க், இரவில் இருட்டு: சிசிடிவி கேமராவின் ஐஆர் கட் ஃபில்டரோடு என் அனுபவம்

வாசல் சுவரில் மேற்கு பார்த்து மாட்டிய 2 மெகாபிக்சல் புல்லட் கேமரா, 12 வோல்ட் அடாப்டரில் சில வருடமாக ஓடுகிறது. படத்திலோ ரெக்கார்டிங்கிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லை கொடுத்தது அதற்குள் அசையக்கூடிய ஒரே பாகமான ஐஆர் கட் ஃபில்டர்தான்.

ஒரு கோடையில் காலை நேரப் படம் மட்டும் பிங்க் அடிக்க ஆரம்பித்தது. எதிரே நிற்கும் வேப்பமரம் வெளிறிய ரோஸ் நிறத்தில் தெரிகிறது, கறுப்புக் குடை மெரூனாகிவிட்டது, சிமெண்ட் சுவர் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. இப்படி இலையும் கறுப்புத் துணியும் நிறம் மாறினால் மெனுவில் ஒயிட் பேலன்ஸை நோண்டிப் பயனில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கேமரா சென்சாருக்குத் தெரியும், இலைகள் அதை ஏராளமாகத் திருப்பி அனுப்பும், கறுப்புச் சாயத் துணிகள் பலவும் அப்படித்தான். அதைத் தடுக்கத்தான் பகலில் சென்சாருக்கு முன்னால் ஐஆர் கட் ஃபில்டர் என்ற ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு நிற்கிறது. இருட்டியதும் காயில் என்ற குட்டிக் கம்பிச்சுருள் அதை ஒதுக்கிவிட்டு வெறும் கண்ணாடியைக் கொண்டுவரும், அப்போதுதான் கேமராவின் 850 நானோமீட்டர் எல்இடி வெளிச்சம் உள்ளே போகும். காயிலுக்குக் கரண்ட் போவது ஒரு கணம்தான், அதன்பின் காந்தம்தான் அதை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆக, சில்லு ஒதுங்கிய நிலையில் சிக்கினால் பகலில் பிங்க். சென்சார் முன்னாலேயே சிக்கினால் இரவில் எல்இடி மங்கலான சிவப்பாக எரியும், படம் கறுப்பு வெள்ளைக்கும் மாறும், ஆனால் எதுவும் தெரியாது. பாதியில் நின்றால் படத்தில் ஒரு பக்கம் மட்டும் பிங்க். பகலிலும் கறுப்பு வெள்ளையாகவே இருந்தால் அது வேறு கதை, வெளிச்சம் பார்க்கும் எல்டிஆர் அல்லது செட்டிங்கைப் பாருங்கள்.

கண்டுபிடிக்க ஏணி போட்டுக் காதைப் பக்கத்தில் வைத்தால் போதும். மெனுவில் `Day/Night` பகுதியில் `Auto`வை விட்டு `Day`, `Night` என்று மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒவ்வொரு முறையும் மெல்லிய 'டக்' கேட்க வேண்டும். என் கேமராவில் `Night` போட்டால் கேட்டது, `Day`க்குத் திரும்பும்போது கேட்கவில்லை. லென்ஸ் பக்கத்தில் விரலால் லேசாகத் தட்டினால் சில்லு நகர்ந்து நிறம் சரியாகும், ஆனால் மறுநாள் காலை மறுபடி பிங்க். வெயிலில் பிளாஸ்டிக் சட்டம் வளைந்தாலோ தூசி ஏறினாலோ இப்படித்தான் இழுக்கும், தட்டுவதெல்லாம் நாள் கடத்தும் வேலை.

வாரன்டி முடிந்திருந்ததால் கழற்றினோம். செய்துகொடுத்த தம்பி முதலில் ஃபில்டரின் இரண்டு ஒயரையும் போர்டிலிருந்து பிடுங்கி, இரண்டு பென்டார்ச் செல்லை ஒரு கணம் தொட்டு எடுத்தார், பிறகு ஒயரை மாற்றித் தொட்டார். "அண்ணே, செல்லிலேயே நகரலன்னா ஃபில்டர் போச்சு. செல்லுல நல்லா நகர்ந்தா போர்டுதான் கோளாறு" என்றார். இதில் ஒரு பக்கம் நகரவே இல்லை. ஃபில்டர் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, சில நூறு ரூபாய்தான், ஆனால் திருகு ஓட்டைகளின் இடைவெளி 20 மில்லிமீட்டரா 22 மில்லிமீட்டரா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு லென்ஸைத் திருகி ஃபோகஸை மறுபடி வைக்க வேண்டும், அதைப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பார்த்துவிட்டு இறுக்குவது நல்லது, ஏனென்றால் அகச்சிவப்பில் ஃபோகஸ் கொஞ்சம் தள்ளிப்போகும். முன்பக்க ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் அடுத்த மழைக்குள் கண்ணாடியில் ஆவி படியும்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். புது ஃபில்டர் போட்ட பிறகும் சாயங்காலம் டக், டக் என்று விடாமல் சத்தம். மல்டிமீட்டரைக் கேமரா பக்கத்து முனையில் வைத்துப் பார்த்தால் பகலில் 11.2 வோல்ட், எல்இடி எரிந்ததும் 9க்குக் கீழே. பழைய அடாப்டர், போதாததற்கு நீளமான மெல்லிய கேபிள். வோல்டேஜ் விழுந்ததும் கேமரா ரீஸ்டார்ட் ஆகி, பகல் நிலையில் எழுந்து, திரும்ப இரவுக்கு மாறி, மறுபடி விழுகிறது. நாளுக்கு இரண்டு முறை நகர வேண்டிய ஃபில்டர் ஒரே சாயங்காலத்தில் எத்தனை முறை அடிபட்டிருக்கும்! பழையது சீக்கிரம் போனதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். புது 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம், இப்போது எல்இடி எரியும்போதும் 11.8 நிற்கிறது, சாயங்காலம் ஒரே ஒரு டக்தான்.

ஃபில்டரும் லென்ஸும் ஒரே கட்டாக ஒட்டி வரும் குட்டி வைஃபை கேமராக்களில் இந்த வேலை நடக்காது, உடைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். அதில் பிங்க் வந்தால் வாரன்டியில் மாற்றுங்கள், இல்லையென்றால் `Night` நிலையிலேயே போட்டு நிறமில்லாமல் ஓட்டலாம்.