கல்யாண போட்டோகிராபருக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைலின் சர்வீசஸ் பகுதி எந்த அளவுக்கு உதவுகிறது?

மதுரையில் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறேன், எடிட்டிங்கும் நானே செய்கிறேன். பல வருடம் ஸ்டுடியோக்காரர்கள் நாள் கூலிக்குக் கூப்பிட்டால் போய்க் கேண்டிட் எடுத்துக் கொடுக்கும் வேலைதான். கல்யாண வீட்டார் ஸ்டுடியோவுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, ஃபுட்டேஜும் நம் கைக்கு வராது. நேரடியாக வீட்டார் நம்மிடம் வர வேண்டும் என்று, கூகுள் தேடலிலும் மேப்பிலும் நம் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் தொடங்கினேன். சில முகூர்த்த சீசன்களைப் பார்த்த பிறகு அதில் ஒரே ஒரு பகுதியைப் பற்றி மட்டும் விரிவாக எழுதத் தோன்றுகிறது. அது சர்வீசஸ். நம் தொழிலில் பலரும் இதைக் காலியாக விட்டிருக்கிறார்கள், அல்லது கூகுள் தானாகப் பரிந்துரைக்கும் நாலு பெயரை டிக் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அது இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புரொஃபைல் வைத்திருக்கும் ஜிமெயிலில் நுழைந்து, கூகுளில் உங்கள் கடைப் பெயரைத் தேடினால் மேலே நிர்வாகப் பட்டன்கள் வரும். அதில் "Edit services". நீங்கள் தேர்ந்தெடுத்த கேட்டகரிகளின் கீழேதான் சர்வீஸ்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர், விலை, 300 எழுத்துக்குள் ஒரு விளக்கம். "Add custom service" கொடுத்தால் பெயரையும் நாமே எழுதலாம். முதன்மைக் கேட்டகரியை "Wedding photographer" என்று வைத்து, வீடியோவுக்குத் தனியாக இன்னொன்று சேர்த்திருக்கிறேன். கேட்டகரியை நீக்கினால் அதன் கீழே எழுதிய சர்வீஸ்களும் போய்விடும் என்பதால், மாற்றும் முன் எல்லா விளக்கத்தையும் வேறு எங்காவது காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீசஸ் நிரப்பினால் மேப்பில் முதலிடம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தேடலுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடை எவ்வளவு பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாக கூகுளே சொல்கிறது. சர்வீசஸ் இதில் பொருத்தத்துக்கு மட்டும் கொஞ்சம் உதவும். யாராவது வளைகாப்புக்கு ஆள் தேடும்போது, நாம் அதை சர்வீஸாக எழுதியிருந்தால் சில நேரம் நம் பெயருக்குக் கீழே "Provides" என்று தொடங்கும் ஒரு வரி அந்த சர்வீஸ் பெயரோடு தெரியும். தேடுபவர் கண்ணுக்கு அந்த ஒரு வரி போதும், மற்ற பத்து ஸ்டுடியோவை விட்டு நம்மைத் திறந்து பார்ப்பார்.

எனக்குக் கிடைத்த பெரிய பலன் வேறு இடத்தில். வரும் போன்களின் தரம் மாறியது. முன்பெல்லாம் எடுத்தவுடன் "கல்யாணத்துக்கு எவ்வளவு?" என்பார்கள். எத்தனை நாள், எத்தனை கேமரா, ஆல்பம் உண்டா என்று நாம் திருப்பிக் கேட்டு முடிப்பதற்குள் அவருக்குச் சலித்துவிடும், இன்னொரு நம்பருக்குப் போய்விடுவார். விளக்கத்தில் எல்லாம் எழுதிய பிறகு, படித்துவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் தேதியில் இருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள்.

என் முக்கியமான சர்வீஸின் பெயர் "கல்யாணம் போட்டோ, வீடியோ: ரிசப்ஷன் + முகூர்த்தம்". விலை 65,000 ரூபாய், "From" என்ற தேர்வில். விளக்கம் இப்படி:

"முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம். கேண்டிட் 1, டிரெடிஷனல் போட்டோ 1, டிரெடிஷனல் வீடியோ 1. 12x36 ஆல்பம் 1, 40 ஷீட். முழு வீடியோ பென்டிரைவில். டிரோன், எல்.இ.டி. வால், வெளியூர் தங்குமிடம் தனி."

தமிழில் எழுதும்போது 300 எழுத்து சீக்கிரம் தீர்ந்துவிடும். "கே" என்பது நமக்கு ஓர் எழுத்து, அங்கே எண்ணிக்கையில் இரண்டு. அதனால் "அழகான தருணங்கள்", "நினைவுகள்" போன்ற சொற்களுக்கு இடமே கிடையாது. ஆள் எத்தனை, நாள் எத்தனை, கையில் என்ன கிடைக்கும், எது தனி என்ற நாலு மட்டும் எழுதினால் போதும்.

கடைசியில் உள்ள "தனி" என்ற வரிதான் எனக்கு அதிகம் உழைக்கிறது. போன ஆவணியில் மணப்பெண்ணின் மாமா ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு நாளைக்கு அறுபத்தஞ்சாயிரம்னு போட்டிருக்கீங்க. டிரோன் தனின்னு இருக்கு, அது எவ்வளவு? மண்டபம் திருமங்கலத்துல." நான், "டிரோனுக்கு எட்டாயிரம் ஆகுங்க சார். திருமங்கலம் பக்கம்தானே, தங்குமிடம் வேண்டாம். ஆனா முகூர்த்தம் ஆறு மணின்னா டிரோன் வெளிச்சத்துக்கு ஏழு மணியாவது ஆகணும், மாப்பிள்ளை அழைப்புக்கு முதல் நாள் சாயங்காலம் பறக்க விட்டா நல்லா வரும்" என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. 73,000-க்குப் பேசி முடித்து, அன்றே முன்பணம் அனுப்பினார். பேரமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஒரு ஃபோட்டோ ஃபிரேம் சேர்த்துக் கேட்டார், கொடுத்தேன். ஆனால் விலை எங்கிருந்து தொடங்குகிறது என்பதில் குழப்பம் இல்லை.

"From" விலையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போன் வர வேண்டும் என்பதற்காக 20,000 என்று குறைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டார் அதைத் தொடக்க விலையாகப் பார்ப்பதில்லை, அதுதான் விலை என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். பிறகு 65,000 என்றால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள், அது நியாயமும்கூட. விளக்கத்தில் எழுதியிருக்கும் வேலை முழுவதையும் அந்தத் தொடக்க விலைக்கு நிச்சயம் செய்து தர முடியும் என்றால் மட்டும் போடுங்கள். முடியாது என்றால் விலை இல்லாமல் விடுவது நேர்மை. புரொஃபைலின் பொது அறிமுகத்தில் விலை, சலுகை பற்றி எழுதக் கூடாது என்பது கூகுளின் விதி. ஆகவே விலைக்கு இந்தப் பகுதிதான் சரியான இடம்.

ஷீட் கணக்கையும் தெளிவாக்கி வையுங்கள். 12x36 ஷீட் நடுவில் மடிந்து 12x18 அளவில் இரண்டு பக்கமாகத் தெரியும். 40 ஷீட் என்றால் 80 பக்கம். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் ஆல்பம் கொடுக்கும் நாளில் வாக்குவாதம் வரும்.

பெயர் வைப்பதில் விசேஷத்தின் பெயருக்கே முதலிடம் கொடுக்கிறேன். "கேண்டிட்", "சினிமாட்டிக்" எல்லாம் நாம் பேசும் சொற்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு வளைகாப்பு, காதணி விழா, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம்தான். இவை ஒவ்வொன்றையும் தனி சர்வீஸாகப் போட்டு, அதே பெயரில் ஆங்கில எழுத்தையும் சேர்க்கிறேன். "வளைகாப்பு போட்டோகிராபி valaikappu photography" என்று. போனில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் தட்டுகிறார்கள், பெயருக்கு 120 எழுத்து வரை இடம் இருக்கிறது. சிலர் இந்தச் சொற்களையெல்லாம் கடைப் பெயரிலேயே ஒட்டிவிடுகிறார்கள். அது விதிக்கு எதிரானது, யாராவது புகார் கொடுத்தால் புரொஃபைலே முடங்கலாம்.

எடிட்டிங் மட்டும் செய்கிற நண்பர்களுக்கு இந்தப் பகுதி இன்னும் முக்கியம். நேரடியாக வீட்டார் எடிட்டரைத் தேடுவது இரண்டு சமயத்தில். ஃபுட்டேஜை ஹார்ட் டிஸ்கில் வாங்கி வைத்துவிட்டு எடிட் ஆகாமல் கிடக்கும்போது ஒன்று, பழைய கல்யாண கேசட்டைப் பென்டிரைவுக்கு மாற்ற வேண்டும் என்னும்போது இன்னொன்று. இரண்டையும் தனித்தனி சர்வீஸாகப் போட்டிருக்கிறேன். முதலாவதற்கு விலை போடுவதில்லை. இரண்டு கேமரா ஆறு மணி நேர ஃபுட்டேஜும், நாலு கேமரா பதினாறு மணி நேர ஃபுட்டேஜும் ஒரே வேலை ஆகாது. விளக்கத்தில் "எத்தனை கேமரா, மொத்தம் எத்தனை மணி நேரம், ஆடியோ தனியாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்" என்று கேள்வியாகவே எழுதியிருக்கிறேன். கேசட்டுக்கு ஒரு கேசட் இவ்வளவு என்று "Fixed" விலை. பூஞ்சை பிடித்ததை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. சர்வீஸ் ஒவ்வொன்றுக்கும் படம் வைக்க முடியாது. படம் பார்த்து முடிவெடுக்கும் தொழிலில் இது பெரிய குறை. படத்தோடு பேக்கேஜ் காட்ட வேண்டுமென்றால் "Products" பகுதியைத்தான் பயன்படுத்த வேண்டும். எந்த சர்வீஸைப் பார்த்து போன் செய்தார்கள் என்ற கணக்கும் கிடையாது. "Performance" பக்கத்தில் மக்கள் தேடிய சொற்கள் மாதவாரியாக வரும், ஆனால் குறைவாகத் தேடப்பட்டவற்றுக்கு 15-க்குக் கீழ் என்று மட்டும்தான் காட்டும். வளைகாப்பும் காதணி விழாவும் எப்போதும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. போன் எண்ணிக்கையிலும் கால் பட்டனை அழுத்தியவர்கள் மட்டுமே அடக்கம், நம்பரைக் குறித்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் வரமாட்டார்கள். அதனால் யார் கூப்பிட்டாலும் எங்கே பார்த்தீர்கள், எந்த விசேஷம் என்று கேட்டு நோட்டில் எழுதுகிறேன். புரொஃபைலுக்குள் இருந்த சாட் வசதி 2024 ஜூலையோடு நிறுத்தப்பட்ட பிறகு இந்த நோட்டுதான் நம்பகமான கணக்கு.

தூரத்தையும் இந்தப் பகுதி வெல்லாது. சர்வீஸ் ஏரியாவில் திண்டுக்கல், காரைக்குடி எல்லாம் சேர்த்திருக்கிறேன். ஆனால் காரைக்குடியில் இருந்து தேடுகிறவருக்கு அங்குள்ள ஸ்டுடியோக்கள்தான் முன்னே வருகின்றன. அங்கிருந்து எனக்கு வந்த கல்யாணங்கள் எல்லாம் மதுரையில் எடுத்தவர்களின் சொந்தக்காரர்கள் மூலம் வந்தவை. வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்கள், வாடிக்கையாளர் வந்து போகும் இடம் இல்லையென்றால் முகவரியை மறைத்து ஏரியாவை மட்டும் காட்ட வேண்டும் என்பதும் விதி.

ஆடியிலும் மார்கழியிலும் போன்கள் குறையும். அந்த மாதங்களில்தான் நான் இந்தப் பகுதியைத் திறந்து பார்க்கிறேன். தை முகூர்த்தத்துக்கான விலையைத் திருத்துவேன், நோட்டில் திரும்பத் திரும்ப வந்த கேள்விக்கு விளக்கத்தில் பதில் சேர்ப்பேன். கூகுள் தானாகச் சில சர்வீஸ்களைச் சேர்த்திருக்கும், அதையும் பார்ப்பேன். நான் செய்யாத பாஸ்போர்ட் போட்டோ ஒருமுறை அப்படி வந்து உட்கார்ந்திருந்தது. அதை நீக்கும் வரை, காலையில் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டு தினமும் போன் வந்துகொண்டிருந்தது.