நல்ல சேதியை நண்பனிடம் முதலில் சொல்வதென்றால்

வீட்டுக்கு முன்னால் நண்பனிடம் நல்ல சேதியைச் சொல்லிவிட்டு, அது கசியாமல் இருக்க இரண்டு முறை இரண்டு விதமாகச் செய்து பார்த்திருக்கிறேன். வீட்டில் சொல்லும்வரை யாரிடமும் வாயே திறக்காமல் இருப்பது மூன்றாவது வழி. அதில் பிசகே வராது, ஆனால் என்னால் முடியாது.

முதல் முறை, குரூப் 4 தேர்வில் தேறியபோது. அப்போது பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். கல்லிடைக்குறிச்சிக்குப் போய் அம்மாவிடம் நேரில் சொல்ல ஆசை. நண்பனிடம், "ஏல, யாருட்டயும் சொல்லிராத" என்றேன். அவன் ஸ்டேட்டஸ் எல்லாம் போடவில்லை. அவன் அம்மாவிடம் மட்டும் சொன்னான். அவன் கணக்கில் அம்மா 'யாரோ' இல்லையே! மறுநாள் காய்கறிக் கடையில் அவர்கள் என் அத்தையைப் பார்க்க, அத்தை அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். "ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொறவுதான் எனக்கா?" என்றாள் அம்மா.

இரண்டாம் முறை, சென்னையிலிருந்து ஊருக்குப் பக்கத்திலேயே, அம்பாசமுத்திரத்துக்கு மாறுதல் ஆர்டர் வந்தபோது. அன்று புதன்கிழமை. வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட். ஸ்டேஷனுக்கு பைக் கொண்டுவர அதே நண்பன்தான் வேண்டும், அதனால் சொல்லியே ஆகவேண்டும். இந்தத் தடவை இப்படிச் சொன்னேன்: "சனிக்கிழமை காலைல அம்மாட்ட சொல்லிட்டு உனக்கு மெசேஜ் போடுதேன். அதுவரைக்கும் உங்க வீட்லயும் வேண்டாம். எதுக்கு வாரான்னு கேட்டா, லீவுல வாரான்னு சொல்லு."

என் ஓட்டு இதற்குத்தான். காரணம், கெடு. "சொல்லாதே" என்று மொட்டையாகச் சொன்னால், அது எதுவரை என்பது கேட்டவனுக்குத் தெரியாது. இரண்டு நாள் பொறுத்துவிட்டு, இந்நேரம் வீட்டில் சொல்லியிருப்பான் என்று அவனாகவே நினைத்துக்கொள்வான். சேதி கசிவது பெரும்பாலும் அங்கேதான், கெட்ட எண்ணத்தில் இல்லை. நாளும் சொல்லி, முடிந்ததும் நானே தகவல் தருவேன் என்றும் சொல்லிவிட்டால் அந்த ஊகத்துக்கு இடமில்லை. யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலும் கையில் கொடுத்துவிட வேண்டும். அது பொய்யாக இருக்கக்கூடாது. நான் லீவில்தான் போனேன். "அவன்ட்டயே கேளுங்க" என்று சொல்லச் சொன்னால் வேறு வினையே வேண்டாம், ஏதோ இருக்கிறது என்று கேட்டவருக்குப் புரிந்துவிடும்.

ஒன்று, நான் தாண்டியது மூன்றே நாள். பிள்ளை உண்டான சேதியை மூன்று மாதம் வெளியே சொல்லாமல் வைத்திருப்பார்களே, அவ்வளவு காலம் இது தாங்குமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்கு வாய் திறக்காத வழியே மேல் என்று தோன்றுகிறது.

சனிக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டு, "சொல்லியாச்சுல" என்று மெசேஜ் போட்டேன். கால் மணி நேரத்துக்குள்ளேயே அவன் அம்மா போனில் வந்துவிட்டார்கள்.