பழைய வைப்பருக்குப் பாலிஷ் போட்டுப் புதுசு என்று பில் போடுகிறார்கள், பார்த்து வாங்குங்கள்

தாம்பரம் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டர், பெயர் வேண்டாம். பருவமழை தொடங்கும் முன் 'மழைக்கால செக்கப்' என்று ஒரு பேக்கேஜ் போட்டிருந்தார்கள். வைப்பர் பிளேடு இரண்டும் புதிது, ஏசி ஃபில்டர் புதிது, கண்ணாடி சுத்தம் என்று பில்லில் வரிவரியாக இருந்தது. வண்டியை எடுக்கும்போது பிளேடுகள் கருகருவென்று மின்னின. ஏமாற்றே அந்த மினுமினுப்பில்தான். டாஷ்போர்டுக்கும் டயருக்கும் பூசுகிற பாலிஷைப் பழைய ரப்பர் மேல் தடவிக் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய பிளேடு வெறும் பழைய பிளேடாக இருந்தால்கூடப் பரவாயில்லை, கோடு கோடாகத் தண்ணீர் விடும், அவ்வளவுதான். அந்தப் பாலிஷில் இருக்கிற சிலிக்கான் கண்ணாடிக்கு இறங்கிவிட்டால் ஒவ்வொரு தடவை வைப்பர் போய் வரும்போதும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை இழுத்துப் பூசும். வாஷர் தண்ணீர் அடித்தாலும் போகாது. பகல் தூறலில் இது தெரியவே தெரியாது. விழுப்புரம் போகும் வழியில், மதுராந்தகம் தாண்டி இருட்டிய பிறகு மழை கொட்ட ஆரம்பித்ததும்தான் தெரிந்தது. எதிர்ப்பக்க லாரியின் ஹெட்லைட் விழுந்தால் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பரவிவிடுகிறது, வைப்பர் வேகத்தைக் கூட்டினால் இன்னும் மோசம்.

அதோடு உள்பக்கமும் பனி படர்ந்தது. வண்டியில் நான்கு பேர், எல்லோரும் நனைந்த துணியோடு. உள்ளே இருக்கிற ஈரமான காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் படியத்தான் செய்யும். ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி, உள்காற்றே சுற்றுகிற பொத்தானை அணைத்து வெளிக்காற்றை விட்டால் சாதாரணமாக ஓரிரு நிமிடத்தில் தெளியும், ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும் என்பதால். எனக்குத் தெளியவில்லை. புளோயரை முழுசாக வைத்தும் கண்ணாடியில் காற்று பட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. இங்கே ஒன்று: விரலால் உள்ளே தேய்த்துப் பாருங்கள். தேய்த்த இடம் தெளிந்தால் பனி உள்ளே. தெளியாமல் வைப்பர் போனதும் தெளிந்தால் வெளியே, அதாவது ஏசி கண்ணாடியை அதிகமாகக் குளிர வைக்கிறது, குளிரைக் குறைக்க வேண்டும்.

முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு, வைப்பர் ஒரு தரம் போய்த் திரும்புவதற்குள் காணாமல் போக ஆரம்பித்ததும், இனி ஓட்டக்கூடாது என்று முடிவு செய்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஈரச் சாலையில் வண்டி நிற்க ஏறத்தாழ 60 மீட்டர் ஆகும், எனக்கு அதில் பாதி தூரம்கூடத் தெரியவில்லை.

மச்சான் "இங்கேயே ஓரமா நிறுத்துங்க மாமா" என்றான். அங்கே நிறுத்தவில்லை. எனக்குத் தெரியாத சாலை பின்னால் வருகிறவனுக்கு மட்டும் தெரியுமா? வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிற்கிற வண்டியின் விளக்கைப் பார்த்து அதுதான் பாதை என்று நேரே வந்து ஏற்றிவிடுவான். வேகத்தை மெதுவாகக் குறைத்து, லோ பீமில், இடது லேனிலேயே போய், ஆத்தூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்குக்குள் திருப்பினேன். ஹஸார்டு விளக்கை ஓடும்போது போடவில்லை, போட்டால் நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் தெரியாது. வேறு வழியே இல்லாமல் ஓரத்தில் நிற்க வேண்டி வந்தால் மட்டும், தார்ச் சாலையை விட்டு முழுக்க இறங்கி நிறுத்திவிட்டுப் போடுங்கள்.

மறுநாள் விழுப்புரத்தில் தெரிந்த மெக்கானிக் குளோவ் பாக்ஸைக் கழற்றி ஃபில்டரை உருவினார். காய்ந்த வேப்பிலையும் கறுப்புத் தூசியுமாக அப்பிக் கிடந்தது, ஓரத்தில் முந்தைய மெக்கானிக் மார்க்கரில் எழுதிய கிலோமீட்டர் கணக்கு அப்படியே இருந்தது. காற்று ஏன் வரவில்லை என்பது அத்தோடு புரிந்தது. பிளேடு ரப்பரை வெள்ளைத் துணியில் துடைத்தால் பிசுபிசுவென்று கறுப்பு. ரப்பரின் விளிம்பு கூர்மையாக இல்லை, மழுங்கி ஒரே பக்கம் வளைந்து நின்றது. கண்ணாடியை ஸ்பிரிட் போட்டு இரண்டு தரம் துடைத்து, புதுப் பிளேடு போட்டார். அதற்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை.

ஃபில்டர் படத்தையும் பில்லையும் காட்டியதும் சர்வீஸ் சென்டரில் ஃபில்டர் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். வைப்பருக்கு "புதுசுதான் சார் போட்டோம், தூசில அப்படி ஆயிருக்கும்" என்று ஒரே பாட்டு. பழைய பிளேடு எங்கே என்று கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டார்களாம். நீங்கள் கொடுக்கும்போதே பழைய பிளேடையும் ஃபில்டரையும் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். முடியாது என்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.