ஆர்டர் தகவல்: எஸ்எம்எஸ்ஸா, வாட்ஸ்அப்பா?

வூகாமர்ஸ் கடையில் ஆர்டர் நிலை `processing` ஆனதும் உறுதிச் செய்தி, `completed` ஆனதும் பார்சல் கிளம்பிய செய்தி. இரண்டும் தானாகப் போக வேண்டும். எந்த வழியில்?

தொடக்க வேலை
எஸ்எம்எஸ்: இந்தியாவில் வணிகச் செய்திகளுக்கான பதிவுத் தளமான டிஎல்டியில் நிறுவனம், ஹெட்டர், டெம்ப்ளேட் மூன்றையும் பதிய வேண்டும். அனுப்பும் வரி பதிந்த டெம்ப்ளேட்டோடு பொருந்தாவிட்டால் செய்தி போகாது.
வாட்ஸ்அப்: டெம்ப்ளேட்டை மெட்டா ஏற்க வேண்டும். விளம்பர வாசகம் கலந்தால் ‘மார்க்கெட்டிங்’ வகைக்குப் போய்ச் செலவு ஏறும்.

செலவு
எஸ்எம்எஸ்: ஒரு செய்திக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70தான். புள்ளி, கொம்பெல்லாம் தனிக்கணக்கு: ‘ஆர்டர்’ நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஆறு. டிராக்கிங் லிங்க்கும் சேர்ந்தால் இரண்டு செய்திக் காசு.
வாட்ஸ்அப்: தமிழில் நீளமாக எழுதினாலும் ஒரே செய்திதான்.

சேர்வது
எஸ்எம்எஸ்: இணையம் வேண்டாம், சாதாரண போனும் போதும்.
வாட்ஸ்அப்: `delivered`, `read` என்று நிலை திரும்பி வரும்.

ஒன்று இரண்டுக்கும் பொது: யாராவது நிலையைப் பின்னே தள்ளி மறுபடி மாற்றினால் செய்தியும் மறுபடி போகும். அதனால் ‘அனுப்பியாச்சு’ என்ற குறிப்பை ஆர்டரிலேயே சேமியுங்கள்.

தமிழில் விவரமாகச் சொல்ல வாட்ஸ்அப். வயதானவர்களும் கிராமத்து வாடிக்கையாளர்களும் அதிகமென்றால் எஸ்எம்எஸ். என் கணக்கில், வாட்ஸ்அப்பில் `failed` வந்தால் மட்டும் எஸ்எம்எஸ் போகும்படி வைப்பதே சரி.