எடிட்டரில் மாறிவிட்டது, தளத்தில் மாறவில்லை: நான்கு வருட அனுபவம்

நான்கு வருடமாக ஒரு சின்ன இசைப் பள்ளியின் இணையதளத்தை வெப்சைட் பில்டரில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நிரல் எழுத வேண்டாம், பெட்டிகளை இழுத்து வைத்தே பக்கம் அமைத்துவிடலாம் என்கிற வகை. அதன் வடிவமைப்பு வசதிகளில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் இத்தனை நாளில் என் நேரத்தை அதிகம் தின்றது ஒரே விஷயம்தான்: நான் மாற்றியது ஏன் மற்றவர்களுக்குத் தெரியவில்லை?

முதல் மாதத்திலேயே இது தொடங்கிவிட்டது. தொடக்க நிலை வகுப்பின் நேரத்தை மாலை 5 மணியிலிருந்து 6 மணிக்கு மாற்றினேன். திரையின் மேல் ஓரத்தில் "சேமிக்கப்பட்டது" என்று டிக் விழுந்தது. மடிக்கணினியை மூடிவிட்டேன். மறுநாள் பள்ளி ஆசிரியை கூப்பிட்டார். "மாத்திட்டேன்னு சொன்னீங்களே, எனக்கு இன்னும் 5 மணின்னுதானே காட்டுது?" நான் எடிட்டரைத் திறந்து பார்த்தால் 6 மணி. அவர் போனில் 5 மணி. இரண்டு பேர் பார்த்ததும் சரிதான், ஏனென்றால் நாங்கள் பார்த்தவை இரண்டு வெவ்வேறு பிரதிகள்.

எடிட்டரில் நாம் தொடுவது வரைவுப் பிரதியை. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுத்து, என்ன நிறம் என்கிற விவரங்களாக அது பில்டரின் சர்வரில் இருக்கும். நாம் எதையாவது மாற்றினால் சில நொடிகளில் தானாகவே சேமித்துக்கொள்ளும். பார்வையாளர் அந்தப் பக்கமே போவதில்லை. அவருக்குப் போவது, கடைசியாக பப்ளிஷ் கொடுத்த நேரத்தில் தளம் எப்படி இருந்ததோ அந்த நிலையின் பிரதி. பப்ளிஷ் பொத்தானை அழுத்தும்போதுதான் வரைவில் உள்ளதை எடுத்து, உலாவிக்குப் புரிகிற பக்கங்களாக்கி, தளத்தை வழங்கும் சர்வர்களில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதாவது "சேமிக்கப்பட்டது" என்றால் உங்கள் வேலை தொலையாது என்று மட்டும்தான் அர்த்தம். வெளியே தெரிகிறது என்று அர்த்தம் இல்லை.

இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகப்புப் பக்கத்தை முழுதாக மாற்ற எனக்கு 9 நாள் ஆனது. அந்த 9 நாளும் பாதி கலைந்த பக்கத்தை யாரும் பார்க்கவில்லை, சேர்க்கை விண்ணப்பங்கள் பழைய பக்கம் வழியாகவே வந்துகொண்டிருந்தன. சேமித்த உடனே வெளியே போய்விடும் கருவியில் இந்த நிம்மதி கிடைக்காது. வேர்ட்பிரஸில்கூட, ஏற்கெனவே வெளியாகிவிட்ட பக்கத்தைத் திருத்தி அப்டேட் கொடுத்தால் திருத்தம் அப்போதே வெளியே தெரியும். அங்கிருந்து பில்டருக்கு வந்தவர்கள் குழம்புவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு பொத்தானில் முடிகிற வேலைக்கு இங்கே இரண்டு படிகள்.

அடுத்து என்னை ஏமாற்றியது முன்னோட்டம். அதை அழுத்தினால் கருவிப் பட்டைகள் மறைந்து, பக்கம் உண்மையான தளம் மாதிரியே வரும். மெனு வேலை செய்யும், படங்கள் நகரும். ஆனால் அதுவும் வரைவுதான். முகவரிப் பட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும்: உங்கள் சொந்த டொமைன் பெயர் இல்லாமல் பில்டரின் முகவரி இருந்தால் நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். வெப்ஃப்ளோ மாதிரி சில கருவிகளில் இதற்கு நடுவே இன்னொரு படி உண்டு. சோதனைக்கென்று `webflow.io` என முடியும் ஒரு முகவரியும், உங்கள் சொந்த டொமைனும் தனித்தனியாக இருக்கும். பப்ளிஷ் கொடுக்கும்போது எதற்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சோதனை முகவரியை மட்டும் டிக் செய்துவிட்டு, பப்ளிஷ் ஆகிவிட்டதே என்று சொந்த டொமைனில் தேடினால் பழையதுதான் இருக்கும்.

இதுவரை சொன்னது ஒரு வாரம் பழகினால் பிடிபட்டுவிடும். எனக்குப் பிடிபட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது வேறொன்று: எல்லா மாற்றமும் பப்ளிஷுக்காகக் காத்திருப்பதில்லை.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். வகுப்புகளின் எண்ணிக்கை கூடியதும் நேர அட்டவணையைப் பக்கத்தில் நேரடியாகத் தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு, பில்டரின் தரவுத் தொகுப்புக்கு மாற்றினேன். ஒரு வகுப்புக்கு ஒரு வரிசை. பெயர், கிழமை, நேரம், ஆசிரியர் என்று பத்திகள். பக்கம் அந்தத் தொகுப்பைப் படித்து அட்டவணையாகக் காட்டும். அடுத்த பருவத்துக்கு சனிக்கிழமைக் குழு வகுப்பை காலை 10 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்ற முடிவானது. புதிய பருவம் தொடங்க இன்னும் 12 நாள் இருந்தது. இப்போதே எல்லாவற்றையும் மாற்றி வைத்துக்கொண்டு அன்றைக்கு பப்ளிஷ் கொடுக்கலாம் என்று திட்டம் போட்டேன். முகப்பில் இருந்த பெரிய அறிவிப்பில் 8 மணி என்று திருத்தினேன். தொகுப்பிலும் 8 மணி என்று திருத்தினேன். பப்ளிஷ் கொடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மூன்று குடும்பங்கள் 8 மணிக்கே வந்து பூட்டிய கதவுக்கு வெளியே காத்திருந்தார்கள். தளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்பு அறிவிப்பில் 10 மணி, அட்டவணைப் பக்கத்தில் 8 மணி. அறிவிப்பு பக்கத்தின் வடிவமைப்பைச் சேர்ந்தது, அதனால் வரைவிலேயே நின்றது. அட்டவணை தரவைச் சேர்ந்தது. பப்ளிஷ் ஆன பக்கத்தில் இருந்தது "தொகுப்பிலிருந்து வரிசைகளை எடுத்துக் காட்டு" என்கிற ஏற்பாடு மட்டும்தான். யாராவது பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தொகுப்பில் அப்போது என்ன இருக்கிறதோ அதையே அது காட்டியது. சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காத்திருந்த அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

அதன் பிறகு எது பப்ளிஷுக்காகக் காத்திருக்கிறது, எது உடனே போகிறது என்று நான் பயன்படுத்தும் பில்டரில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். எழுத்து, படம், நிறம், மெனு, புதிய பக்கம், போன் திரைக்கான அமைப்பு ஆகியவை பப்ளிஷ் கொடுத்தால்தான் வெளியே போகின்றன. பொருளின் விலையும் இருப்பும், முன்பதிவு நேரம், தரவுத் தொகுப்பின் வரிசை ஆகியவை சேமித்த உடனே போய்விடுகின்றன. வலைப்பதிவுக்கு மட்டும் தனியாக ஒரு வரைவு நிலை உண்டு. தளத்துக்கு பப்ளிஷ் கொடுத்தால் அது வெளியாகாது, கட்டுரைக்கே தனியாகக் கொடுக்க வேண்டும். எல்லாக் கருவியும் இதே போல இருக்காது. தரவுத் தொகுப்புக்கும் சோதனைப் பிரதி, லைவ் பிரதி என்று இரண்டு வைத்திருப்பவையும் உண்டு. உங்கள் கருவியில் எப்படி என்று அறிய, யாருக்கும் பாதிப்பில்லாத ஒரு வரிசையில் ஒரு எழுத்தை மாற்றிச் சேமியுங்கள். பப்ளிஷ் கொடுக்காமல் வேறு போனில் தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

இன்னொரு சிக்கல், நான் பயன்படுத்தும் பில்டரில் பப்ளிஷ் என்பது மொத்தத் தளத்துக்கும் சேர்த்துத்தான். தொலைபேசி எண்ணில் ஒரு இலக்கத்தைத் திருத்தி அவசரமாக பப்ளிஷ் கொடுத்தபோது, நான் பாதியில் விட்டிருந்த "எங்கள் ஆசிரியர்கள்" பக்கமும் மாதிரி எழுத்துகளோடு சேர்ந்து வெளியே போனது. மெனுவிலிருந்து மறைத்து வைத்திருந்தேன்தான். ஆனால் மெனுவில் மறைத்தாலும் பக்கத்துக்கு முகவரி இருக்கும், அந்த முகவரி தெரிந்தவர் திறக்கலாம், தேடுபொறியும் கண்டுபிடிக்கலாம். இப்போது பெரிய வேலைகளைத் தளத்தின் நகல் ஒன்றில் செய்து பார்த்துவிட்டு, முடிந்த பிறகுதான் அசல் தளத்தில் கை வைக்கிறேன். கூகுள் சைட்ஸில் பப்ளிஷுக்கு முன் வரைவையும் வெளியே உள்ளதையும் அருகருகே காட்டுவார்கள். இந்த வசதி எல்லா பில்டரிலும் இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அந்த ஆசிரியர்கள் பக்கத்தைப் பின்வாங்கும்போதும் ஒன்று தெரிந்துகொண்டேன். பதிப்பு வரலாற்றில் முந்தைய நாளைத் தேர்ந்தெடுத்து மீட்டெடுத்தேன். எடிட்டரில் எல்லாம் பழையபடி ஆனது. வெளியே எதுவும் மாறவில்லை. மீட்டெடுப்பதும் வரைவில் செய்கிற ஒரு மாற்றம்தான், அதற்கும் பப்ளிஷ் கொடுக்க வேண்டும். வெளியே தவறான தகவல் ஓடிக்கொண்டிருக்கும் பதற்றத்தில் இதை மறப்பது ரொம்ப எளிது.

சரி, பப்ளிஷும் கொடுத்தாகிவிட்டது, சரியான டொமைனில்தான் பார்க்கிறோம், இன்னும் பழையதே தெரிகிறது என்றால்? அப்போது சந்தேகப்பட வேண்டியது கேஷ். வேகத்துக்காக உலாவி தன்னிடம் ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது, வழியில் உள்ள சர்வர்களும் வைத்துக்கொள்கின்றன. நான் முதலில் மறைநிலைச் சாளரத்தில் திறப்பேன். அங்கே புதியது தெரிந்தால் பிரச்சினை என் உலாவியில்தான். அங்கேயும் பழையது என்றால் முகவரியின் கடைசியில் இப்படி ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பேன்:

```
https://example.com/?v=2
```

சர்வருக்கு இது புது முகவரி போலத் தெரிவதால் பெரும்பாலும் புதிய பிரதியைக் கொடுக்கும். இதில் புதியது வந்தால், நடுவில் உள்ள பழைய பிரதி காலாவதி ஆகும்வரை கொஞ்சம் பொறுத்தால் போதும். இதிலும் பழையதே வந்தால் கேஷை விட்டுவிட்டு எடிட்டருக்குத் திரும்பிப் போய், பப்ளிஷ் உண்மையிலேயே முடிந்ததா என்று பார்ப்பேன். ஒருமுறை பாதியில் இணைப்பு அறுந்து, பிழைச் செய்தி ஓரமாக வந்து மறைந்திருந்தது.

கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் கீழே தெரியும் பழைய வரிகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கூகுள் முன்பு வந்து எடுத்துப்போன பிரதி. அது மறுபடி வந்து பார்த்த பிறகுதான் மாறும்.

இப்போது ஆசிரியை கூப்பிட்டு நேர மாற்றம் சொன்னால், அது பக்கத்தில் இருக்கிறதா தொகுப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். பக்கம் என்றால் உடனே திருத்தி வைக்கிறேன், தொகுப்பு என்றால் மாற்ற வேண்டிய நாளைக் காலண்டரில் குறித்து வைக்கிறேன். அன்றைக்கு இரண்டையும் ஒன்றாக வெளியிட்டதும் அவர் தன் போனில் திறந்து பார்த்து, என்ன நேரம் தெரிகிறது என்று எனக்குச் செய்தி அனுப்புவார்.