போனில் அழித்தால் கணினியிலும் போய்விடுமா? சிங்க்திங், ஃபோல்டர்சிங்க்: ஓர் ஒப்பீடு

ஏற்காடு கோடை விழாவுக்கு ஒரு முறை போய்வந்தால் ஒரு மணி நேர வீடியோவாவது போனில் சேர்ந்துவிடுகிறது. சாதாரண 1080பி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 125 எம்பி. ஆக, ஒரு மணி நேரத்துக்கு ஏழரை ஜிபி. இரவில் போன் சார்ஜில் கிடக்கும்போது இது தானாகவே சேலம் வீட்டுக் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இரண்டு ஆண்ட்ராய்டு செயலிகளையும் வைத்துப் பார்த்தேன். இப்போது ஃபோல்டர்சிங்க்கில் நிற்கிறேன்.

பொதுவானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டுமே வீட்டு வைஃபைக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும். இணைய டேட்டா செலவாகாது. சார்ஜில் இருக்கும்போது மட்டும், வீட்டு வைஃபையில் மட்டும் என்று இரண்டிலும் கட்டுப்பாடு வைக்கலாம். வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ரூட்டர்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 4 எம்பி கிடைத்தால் அந்த ஏழரை ஜிபிக்கு அரை மணி நேரம் ஆகும். 5 கிகாஹெர்ட்ஸில் 25 எம்பி கிடைத்தால் ஐந்து நிமிடம் போதும்.

தங்கை கேட்ட கேள்விதான் என் முடிவைத் தீர்மானித்தது: "அண்ணா, இடம் போதவில்லை என்று போனில் அழித்துவிட்டால், கணினியில் இருக்கிறதும் போய்விடுமா?"

சிங்க்திங்கில் போய்விடும். இரண்டு கோப்புறைகளை ஒன்றுபோல வைத்திருப்பதுதான் அதன் வேலை. போன் பக்கம் `Send Only` என்று வைத்தால் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். கணினியில் நடக்கும் மாற்றம் போனுக்கு வராது என்பது மட்டுமே அதன் பொருள். போனில் அழிப்பதும் ஒரு மாற்றம்தான். அடுத்த இணைப்பிலேயே அது கணினிக்குப் போய், அங்கிருக்கும் நகலையும் நீக்கிவிடும். இதைத் தடுக்கக் கணினிப் பக்கத்தில் `Ignore Delete` என்ற அமைப்பு உண்டு. ஆனால் சிங்க்திங்கின் ஆவணமே அதைப் பரிந்துரைப்பதில்லை. மற்றொரு வழி, கணினியில் `File Versioning` போடுவது. அப்போது நீங்கிய வீடியோ `.stversions` என்ற உட்கோப்புறைக்கு நகரும். சேமிக்க நினைத்த வீடியோக்கள் எல்லாம் நாளடைவில் குப்பைத்தொட்டிக்குள் குடியேறுவதை என் மனம் ஏற்கவில்லை.

ஃபோல்டர்சிங்க்கில் போனிலிருந்து கணினிக்கு ஒருவழிப் பாதை அமைத்து, அழித்தலையும் ஒத்திசைக்கும் அமைப்பை அணைத்துவிட்டால் போதும். புதிய வீடியோ போகும். போனில் அழித்தது கணினியில் அப்படியே இருக்கும். எந்தச் செயலியானாலும், நம்புவதற்கு முன் பத்து நொடி வீடியோ ஒன்றை எடுத்து அனுப்பிவிட்டுப் போனில் அழியுங்கள். மறுபடி ஒத்திசைத்த பிறகும் கணினியில் அது ஓடினால்தான் அமைப்பு சரி.

நிறுவுவதில் ஃபோல்டர்சிங்க்கே சற்றுப் படுத்தும். விண்டோஸில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, அதன் முகவரியைச் செயலியில் கொடுக்க வேண்டும். கணினியைத் திறக்கும் நான்கு இலக்க பின் எண் இங்கே செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். 'உள்நுழைய முடியவில்லை' என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். சில நாள் ஓடிப் பிறகு நின்றுவிட்டால், ரூட்டர் கணினிக்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கக்கூடும். ரூட்டரிலேயே அந்த முகவரியை நிலையாக ஒதுக்கிவிடலாம். சிங்க்திங்கில் இந்தத் தொல்லை இல்லை. கருவிகள் ஒன்றையொன்று தாமே கண்டுபிடித்துக்கொள்ளும்.

மின்வெட்டிலும் சிங்க்திங்தான் மேல். கோப்பைத் துண்டு துண்டாக அனுப்புவதால், பாதியில் அறுந்தால் வந்துசேர்ந்த துண்டுகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கேட்கும். ஃபோல்டர்சிங்க்கில் எனக்கு அறுந்த கோப்பு மறுபடி முதலிலிருந்தே போகிறது. அதனால் ரூட்டரை இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன். கணினி மடிக்கணினி என்பதால் அதற்குக் கவலை இல்லை. மின்சாரம் போன இரவுக்கு மறுநாள், பெரிய கோப்புகளின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார்த்து, கடைசிச் சில நொடிகளை ஓட்டிப் பார்த்த பிறகே போனில் அழிக்கிறேன். அடிக்கடி மின்சாரம் போகும் மலை வீட்டில் இருந்து, போனில் எதையும் அழிக்காதவராக இருந்தால் நானும் சிங்க்திங்கையே எடுத்திருப்பேன். அதன் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. தேட வேண்டியது `Syncthing-Fork`. ஐபோன் நான் வைத்திருந்ததில்லை; இதில் எதையும் அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

எதை எடுத்தாலும் இரண்டு இடங்களில் கை வைத்தாக வேண்டும். போனின் பேட்டரி அமைப்பில் செயலிக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றாவிட்டால், நள்ளிரவில் போன் அதை உறங்க வைத்துவிடும். கணினியும் அந்த நேரத்தில் ஸ்லீப்புக்குப் போகாமல் இருக்க வேண்டும். காலையில் செயலியைத் திறந்து, கடைசியாக ஓடிய நேரம் நேற்றிரவுதானா என்று பார்த்தால் இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.